ரீச் எங்கே அடைபட்டது? ரீலின் பிழையை அறிகுறி பார்த்துத் தேடும் வழி

இன்ஸ்டாகிராமில் கடைக் கணக்கு நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் சின்னக் கடைக்காரர்களோடு உட்கார்ந்து கணக்கைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் வரும் புகார் ஒன்றுதான்: "அண்ணா, ரீச் போயிடுச்சு." பதிவைப் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை விழுந்துவிட்டது என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்குள் வேறு வேறு பிழைகள் நாலைந்து ஒளிந்திருக்கும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் முதலில் எந்த அறிகுறி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிவுகள் எப்படி வரிசையாகின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வரிசை எப்படிப் போடப்படுகிறது

இன்ஸ்டாகிராமுக்கு ஒரே ஒரு அல்காரிதம் கிடையாது. முகப்பு ஃபீட், ஸ்டோரி, எக்ஸ்ப்ளோர், ரீல்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கீடு ஓடுகிறது. நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசெரி 2021-லும் பிறகு 2023-லும் இதை விளக்கி எழுதியிருக்கிறார். கணக்கீடுகள் வேறானாலும் அவற்றின் வடிவம் ஒன்றுதான். ஒருவர் செயலியைத் திறந்ததும் அவருக்குக் காட்டக்கூடிய பதிவுகள் முதலில் திரட்டப்படுகின்றன. பிறகு ஒவ்வொரு பதிவையும் எடுத்து, இந்த ஆள் இதை லைக் செய்ய எவ்வளவு வாய்ப்பு, கடைசிவரை பார்க்க எவ்வளவு, நண்பருக்கு அனுப்ப எவ்வளவு, "இது வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு என்று தனித்தனியாகக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு வாய்ப்பையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டினால் ஒரு மதிப்பெண் வரும். அது அதிகமாக உள்ள பதிவு மேலே போகும். ஒரே கணக்கின் பதிவுகள் அடுத்தடுத்து வராதபடி கடைசியில் கொஞ்சம் கலைத்தும் போடுவார்கள். எக்ஸ்ப்ளோர் பக்கம் பற்றி, இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மேட்டாவின் பொறியாளர்கள் 2023-ல் வெளியிட்ட சூத்திரத்தின் வடிவம் இது:

```
value = W_click × P(click) + W_like × P(like) − W_see_less × P(see less) + ...
```

இதில் P என்பது வாய்ப்பு, W என்பது எடை. இந்த ஒரு வரியிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, P ஒவ்வொரு பார்வையாளருக்கும் மாறும். உங்கள் ரீலுக்கென்று ஊருக்கெல்லாம் பொதுவான மதிப்பெண் எதுவும் இல்லை. மீன் வளர்க்கிறவருக்கு அது முதலிடத்தில் வரலாம். அவர் வீட்டிலேயே இருக்கும் தங்கைக்கு எண்பதாவது இடத்தில் கிடக்கலாம்.

இரண்டாவதைப் பலர் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். "ஒரு சேவ் பத்து லைக்குக்குச் சமம்" என்று ஊரில் ஒரு கணக்கு உலவுகிறது. இன்ஸ்டாகிராம் தன் எடைகளை வெளியிட்டதில்லை, அதனால் அந்தப் பத்து யாரோ சொன்ன பத்துதான். எடைகள் எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்குக் கிடைத்த உண்மையான உதாரணம் டுவிட்டர். 2023-ல் அவர்கள் தங்கள் நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டபோது லைக்கின் எடை 0.5, ரீட்வீட்டுக்கு 1, பதிலுக்கு 13.5, எழுதியவரே திரும்பக் கவனித்த பதிலுக்கு 75, புகாருக்கு மைனஸ் 369 என்று இருந்தது. இதைப் பார்த்ததும் "ஒரு பதில் 27 லைக்" என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அந்த எடை ஏற்கெனவே வந்து விழுந்த பதில்களை எண்ணிப் பெருக்குவதில்லை. இந்த ஆள் பதில் எழுதுவாரா என்ற வாய்ப்பைத்தான் பெருக்குகிறது. பதில் எழுதுவது லைக் போடுவதைவிட மிக அரிதாக நடப்பது. அரிதான செயலின் வாய்ப்பு 0.001 போலச் சிறியதாக இருக்கும். எடை பெரிதாக இருந்தால்தான் கூட்டலில் அது கண்ணில் படும். சேவ் விஷயத்திலும் இதே நினைப்போடு இருங்கள். வந்து விழுந்த சேவ்களின் மொத்த எண்ணிக்கை நேரே மதிப்பெண்ணாக மாறுவதில்லை. எத்தகைய ஆட்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் சேவ் செய்தார்கள் என்பதை வைத்து அடுத்த ஆளுக்கான வாய்ப்பு கணிக்கப்படுகிறது.

ஆகவே பிழை தேடும்போது மொத்த எண்ணிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ரீச்சால் வகுத்துப் பார்க்க வேண்டும். கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால் Insights என்ற புள்ளிவிவரப் பக்கம் திறக்கும், அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு ரீலிலும் ரீச், அதில் ஃபாலோயர் அல்லாதவர்களின் பங்கு, சராசரியாகப் பார்த்த நேரம், லைக், சேவ், ஷேர் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொள்ளும் கடை

கொளத்தூரில் வண்ண மீன் விற்கும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக வரும்படி எண்களை நானே போட்டிருக்கிறேன். கடையின் கணக்குக்கு 6,000 ஃபாலோயர்கள். ஒரே வாரத்தில் இரண்டு ரீல்கள் போட்டிருக்கிறார்கள்.

முதல் ரீல் 9 விநாடி. ஃபைட்டர் மீன் ஒன்று வாலை விரித்துத் திரும்புகிறது, பின்னால் எல்லோரும் போடும் பாட்டு. ரீச் 3,000, அதில் புது ஆட்கள் 300. சராசரியாகப் பார்த்த நேரம் 7 விநாடி. லைக் 240, சேவ் 6, ஷேர் 9.

இரண்டாவது 48 விநாடி. புதுத் தொட்டியில் விட்ட மீன் ஒரு வாரத்தில் ஏன் செத்துப்போகிறது என்று கடைக்காரத் தம்பி பேசுகிறார். மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாவதையும், அதைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளரச் சில வாரம் பிடிப்பதையும், குழாய் நீரில் குளோரின் இருந்தால் என்ன செய்வது என்பதையும் படிப்படியாகச் சொல்கிறார். ரீச் 2,000, அதில் புது ஆட்கள் 900. சராசரி 14 விநாடி. லைக் 70, சேவ் 62, ஷேர் 40.

தம்பிக்கு முதல் ரீல்தான் ஹிட். இரண்டாவது "ஓடல". இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

அறிகுறி 1: லைக் வருகிறது, புது ஆள் வரவில்லை

முதல் ரீலின் கதை இது. ரீச்சில் பத்தில் ஒருவர்தான் புதியவர்.

உள்ளடக்கத்தில் கை வைக்கும் முன் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளுக்குள் Account Status என்று ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் பதிவுகள் ஃபாலோயர் அல்லாதவர்களுக்குப் பரிந்துரைக்கத் தகுதி உள்ளவையா என்பதை அங்கே நேராகவே சொல்லிவிடுவார்கள். "ஷேடோ பேன்", அதாவது சொல்லாமலே நம் பதிவுகளை மறைக்கிறார்கள் என்று ஊகிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வேறு செயலியின் வாட்டர்மார்க் பதிந்த வீடியோ, மங்கலான வீடியோ, மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் ரீல் இவை பரிந்துரையில் அடிபடும்.

மீன் கடைகளுக்கு இங்கே கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. தாய்லாந்துப் பண்ணைகளின் வீடியோவை எடுத்துத் தன் கணக்கில் போடும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் அறிவித்ததன்படி, தான் எடுக்காத வீடியோக்களை 30 நாளில் 10 முறைக்கு மேல் அப்படியே போடும் கணக்குகள் பரிந்துரைகளிலிருந்தே விலக்கப்படும். அப்படிப்பட்ட கணக்கில் நீங்களே எடுத்த நல்ல ரீலும் சேர்ந்து முடங்கும். இன்னொன்றும் கவனியுங்கள். உயிருள்ள விலங்குகளைத் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் விற்பதை மேட்டாவின் விதிகள் தடுக்கின்றன. கட்டடமும் முகவரியும் உள்ள கடை என்பது உங்கள் முகப்பிலேயே தெளிவாகத் தெரியட்டும்.

கதவு திறந்திருந்தும் புது ஆள் வரவில்லை என்றால், ஷேர் விகிதத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில் மொசெரி மூன்று சிக்னல்களைப் பெரியவை என்று குறிப்பிட்டார்: பார்த்த நேரம், ரீச்சுக்கு எத்தனை லைக், ரீச்சுக்கு எத்தனை பேர் அதை வேறொருவருக்கு அனுப்பினார்கள். இதில் லைக் ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்பவர்களிடம் போய்ச் சேர அதிகம் உதவும், அனுப்புவது புதியவர்களிடம் போய்ச் சேர அதிகம் உதவும் என்றும் சொன்னார். நம் இரண்டு ரீல்களையும் இந்தக் கண்ணால் வகுத்துப் பாருங்கள். முதல் ரீலில் லைக் நூற்றுக்கு 8, அனுப்பியவர்கள் நூற்றுக்கு 0.3. இரண்டாவதில் லைக் 3.5, அனுப்பியவர்கள் 2. முதலாவது ஃபாலோயர்களுக்குள் நன்றாகச் சுற்றியது, வெளியே போகவில்லை. இரண்டாவது லைக் குறைந்தும் மூன்று மடங்கு புதியவர்களைத் தொட்டது. ஓடவில்லை என்று தம்பி ஒதுக்கி வைத்ததுதான் கடைக்கு ஆள் கொண்டுவரக்கூடிய ரீல்.

முதல் ரீலைச் சரிசெய்ய வழி என்ன? அழகான மீனைப் பார்க்கிறவர் லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார், அதை அனுப்புவதற்கு அவருக்கு ஒரு ஆள் நினைவுக்கு வர வேண்டும். "ரெண்டு ஃபைட்டரை ஒரே தொட்டியில் விட்டால்" என்று ஆரம்பித்தால், அப்படி விட்டு வைத்திருக்கும் மச்சான் ஒருவர் நினைவுக்கு வருவார். அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவதைவிட இது வேலை செய்கிறது.

அறிகுறி 2: சேவ் நிறைய வருகிறது, ஆனாலும் நின்றுவிடுகிறது

இரண்டாவது ரீலின் கதை இது. 2,000 பேரில் 62 சேவ் என்பது நூற்றுக்கு 3.1. முதல் ரீலைவிடப் பதினைந்து மடங்கு. ஷேரும் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் 2,000-த்தில் நின்றது?

முதலில் சேவ் எங்கே எவ்வளவு பேசுகிறது என்று பார்க்கலாம். 2021 விளக்கத்தில், முகப்பு ஃபீடில் நெருக்கமாகப் பார்க்கும் ஐந்து செயல்களில் ஒன்றாகச் சேவ் இருந்தது. 2023 விளக்கத்தில் அந்த இடத்துக்கு ஷேர் வந்துவிட்டது. எக்ஸ்ப்ளோருக்கு லைக், சேவ், ஷேர் மூன்றையும் சொல்கிறார்கள். ரீல்ஸுக்கு 2023-ல் முக்கியமாகச் சொன்னவை மறுபடி பகிர்வது, கடைசிவரை பார்ப்பது, லைக் செய்வது, அந்த ஒலியின் பக்கத்துக்குப் போவது. சேவ் அங்கே பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பெயர் இல்லை என்பதால் மதிப்பே இல்லை என்று ஆகாது. எத்தனையோ சிக்னல்கள் கணிப்புக்குள் போகின்றன. ஆனால் ரீல்ஸ் பக்கத்தில் பார்த்த நேரம் பலவீனமாக இருந்தால், சேவ் மட்டும் அதைத் தூக்கி நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. எக்ஸ்ப்ளோரில் காட்டப்படும் படத் தொகுப்புக்குச் சேவ் அதிகம் கைகொடுக்கலாம்.

இப்போது பார்த்த நேரத்துக்கு வருவோம். 48 விநாடிக்குச் சராசரி 14, அதாவது 29 சதவீதம். இதைப் பார்த்தவுடன் எல்லோரும் செய்வது ரீலைப் பாதியாக வெட்டுவது. வெட்டும் முன் எத்தனை பேர் எந்த விநாடியில் இருந்தார்கள் என்று காட்டும் வளைவைப் பாருங்கள். நம் ரீலில் மூன்றாவது விநாடிக்குள் நூற்றுக்கு 55 பேர் போய்விட்டார்கள், 45 பேர்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். போனவர்கள் ஆளுக்குச் சராசரி ஒன்றரை விநாடி பார்த்திருப்பார்கள். கணக்கு இப்படி வரும்:

```
14 = 0.55 × 1.5 + 0.45 × x
x  = (14 − 0.8) / 0.45 ≈ 29
```

மூன்றாவது விநாடியைத் தாண்டியவர்கள் சராசரியாக 29 விநாடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். 48-ல் 29 என்பது நல்ல பார்வை. சேவையும் அவர்களை வைத்தே வகுத்தால், 900 பேரில் 62, நூற்றுக்கு ஏழு பேர். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, குறை வாசலில் இருக்கிறது. முதல் மூன்று விநாடியை ஓட்டிப் பாருங்கள்: கடையின் போர்டு, பிறகு "வணக்கம் நண்பர்களே, நம்ம கடைக்கு வந்திருக்கீங்க". மீன் செத்துப்போன கவலையோடு விரல் நகர்த்துகிறவருக்கு இது தனக்கான வீடியோ என்று தெரிய வழியே இல்லை.

இந்த ரீலை வெட்டினால் உட்கார்ந்து பார்த்த 900 பேருக்கும் குறையும். வாசலை மாற்றினால் எவ்வளவு கூடும் என்று போட்டுப் பார்ப்போம். மூன்றாவது விநாடியில் 45-க்குப் பதில் 65 பேர் நின்று, அவர்களும் அதே போல 29 விநாடி பார்த்தால், 0.65 × 29 + 0.35 × 1.5, ஏறக்குறைய 19 விநாடி. புதிதாக நிற்கிறவர்களின் ஆர்வம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதால் 17 என்று எடுத்துக்கொண்டாலும் 14-லிருந்து நல்ல ஏற்றம். உள்ளே ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

மாற்றம் இப்படி இருக்கலாம். முதல் காட்சியில் கலங்கிய தொட்டி, மேலே மிதக்கும் ஒரு கப்பி மீன். முதல் வாக்கியம், "தொட்டி வாங்கி நாலாம் நாள் மீன் செத்துதா? தண்ணி அழுக்கானதால இல்ல." போர்டும் வணக்கமும் கடைசிக்குப் போகட்டும். பேசுவது அதே எழுத்தாகத் திரையில் வரட்டும், பேருந்திலும் மின்ரயிலிலும் ஒலியை அணைத்துப் பார்க்கிறவர்கள் நிறைய.

சேவ் அதிகமாகவும் நேரம் குறைவாகவும் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை வளைவே காட்டிக்கொடுக்கும். எட்டு வரிப் பட்டியலை ஒரு விநாடி காட்டி மறைத்தால், படிக்க முடியாமல் ஆட்கள் சேவ் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் வரும் இடத்தில் வளைவு சரசரவென்று இறங்கியிருக்கும். "பிறகு பார்க்கலாம்" என்று சேமித்ததைப் பலர் திரும்பத் திறப்பதேயில்லை. அப்படியானால் பட்டியலை ரீலிலிருந்து எடுத்து ஆறு படங்களின் தொகுப்பாகத் தனிப் பதிவாக்குங்கள். ரீல் பேசட்டும், படத் தொகுப்பு சேவ் வாங்கட்டும். ஒவ்வொன்றும் தனக்கு உகந்த பக்கத்தில் ஓடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சேவ் விகிதத்தைச் சின்ன ரீச்சில் நம்பாதீர்கள். 200 பேரில் 4 சேவ் என்றால் 2 சதவீதம் என்று தோன்றும். ஆனால் தற்செயலாக மட்டுமே இந்த எண் 1-ஆகவோ 8-ஆகவோ வந்திருக்கலாம். ஆயிரம் பேராவது பார்த்த பிறகு ஒப்பிடுங்கள், அதுவும் ஒரே வகை ரீல்களுக்குள் ஒப்பிடுங்கள்.

அறிகுறி 3: சராசரி நேரம் நன்றாக இருக்கிறது, புது ஆட்களிடம் ரீச் மட்டும் இல்லை

9 விநாடி ரீலில் 7 விநாடி என்றால் 78 சதவீதம். பார்க்க அழகான எண். ஆனால் கடைசிவரை பார்ப்பது சுலபம் என்பதாலேயே குட்டி ரீலில் இந்த எண் உயரும். மீண்டும் மீண்டும் ஓடிய நேரமும் கூட்டப்படுவதால் சில குட்டி ரீல்களில் சராசரி ரீலின் நீளத்தையே தாண்டும்.

பார்த்த நேரம் ஏன் இவ்வளவு பெரிய சிக்னலானது என்பதை யூடியூபின் வரலாறு சொல்கிறது. ஆரம்பத்தில் எத்தனை முறை வீடியோ திறக்கப்பட்டது என்பதை வைத்தே அங்கே பரிந்துரை நடந்தது. முகப்புப் படத்தில் ஏமாற்றித் திறக்க வைத்த வீடியோக்கள் மேலே ஏறின. 2012-ல் அவர்கள் பார்த்த நேரத்துக்கு மாறினார்கள். 2016-ல் யூடியூபின் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், திறப்பாரா என்பதோடு நிற்காமல் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று எதிர்பார்த்து வரிசைப்படுத்துவதாக எழுதினார்கள். பிறகு நேரம் மட்டும் போதாது, பார்த்தவர் நிறைவாக உணர்ந்தாரா என்று அவரிடமே கேட்கும் சர்வேக்களும் சேர்க்கப்பட்டன. நேரத்தை விநாடியாக மட்டும் பார்த்தால் நீள வீடியோ ஜெயிக்கும், சதவீதமாக மட்டும் பார்த்தால் குட்டி வீடியோ ஜெயிக்கும். அதனால் நீங்களும் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் ரீல் சதவீதத்தில் ஜெயிக்கிறது, விநாடியில் இரண்டாவது ரீல் இரண்டு மடங்கு. 78 சதவீதம் இருந்தும் புது ஆட்களிடம் ரீச் இல்லை என்றால், ஆள் பார்த்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் போகிறார் என்று பொருள். அங்கே திருத்த வேண்டியது நீளத்தை இல்லை. அறிகுறி 1-ல் சொன்னதற்குத் திரும்பிப் போய், யாருக்கு அனுப்பத் தோன்றும் என்று யோசியுங்கள்.

அறிகுறி 4: வியூஸ் வருகிறது, சென்னையிலிருந்து வரவில்லை

Insights-ல் ஊர்கள் பட்டியலைப் பாருங்கள். பேச்சே இல்லாத மீன் ரீலை யாரும் எங்கிருந்தும் ரசிக்கலாம். அதனால் அது கொளத்தூர்ப் பக்கமே வராத ஆட்களிடம் போய்ச் சேரும். வரிசை போடும் முறையில் பிழை ஏதுமில்லை, சென்னை ஆள் நின்று பார்க்கும்படியான எதுவும் ரீலில் இல்லை என்பதுதான் விஷயம். தமிழில் பேசுங்கள், "மெட்ரோ வாட்டர்ல குளோரின், போர் தண்ணியில உப்பு" என்று இந்த ஊர்த் தண்ணீரைச் சொல்லுங்கள், கேப்ஷனில் கொளத்தூர் என்று எழுதுங்கள். மொத்த வியூஸ் குறையும். அதற்குப் பயப்பட வேண்டாம், மீன் வாங்க வருகிறவர் கூடுவதுதான் கணக்கு.

அறிகுறி 5: பழைய வாடிக்கையாளர், "உங்க போஸ்ட்டே வர்றதில்லை" என்கிறார்

இதற்கு ஒரு நிமிடச் சோதனை உண்டு. அவர் போனில் முகப்புப் பக்கத்தின் மேலே இன்ஸ்டாகிராம் பெயரைத் தொட்டு Following என்ற பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். சில பதிப்புகளில் இடம் மாறியிருக்கலாம். 2016-ல் ஃபீட் நேர வரிசையிலிருந்து மாறிய பிறகு, 2022-ல் இந்தப் பட்டியலை நேர வரிசையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் உங்கள் பதிவு வந்து, முகப்பில் மட்டும் வரவில்லை என்றால் மதிப்பெண்தான் குறைவு. Following-லேயே வரவில்லை என்றால் அவர் உங்களை மியூட் செய்திருக்கலாம், அல்லது பின்தொடர்வதையே விட்டிருக்கலாம். அதற்கு எந்த ரீலும் மருந்தாகாது.

மதிப்பெண் குறைவு என்றால், அவருக்கும் உங்கள் கணக்குக்கும் இடையே சமீபத்தில் ஏதும் நடக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். முகப்பு ஃபீடிலும் ஸ்டோரியிலும் பழைய ஊடாட்டத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. ஸ்டோரியில் "உங்க தொட்டி எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள், வரும் பதிலுக்குத் திரும்ப எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் விலை கேட்கிறவரை முடிந்தால் இன்ஸ்டாகிராம் செய்தியிலேயே பேச வையுங்கள்.

அறிகுறி 6: எல்லாமே ஒரேயடியாக விழுந்துவிட்டது

ஒரு ரீல் விழுந்தால் அது அந்த ரீலின் கதை. கடைசிப் பத்து ரீல்களில் புது ஆட்களின் ரீச்சை எழுதி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, நடுவில் வருவதை எடுங்கள். ஒரு வைரல் ரீல் சராசரியைத் தூக்கி வைத்திருந்தால், அதற்குப் பின் வரும் எல்லாமே வீழ்ச்சியாகத் தெரியும். நடு எண் அப்படி ஏமாற்றாது. முந்தைய பத்தின் நடு எண்ணோடு ஒப்பிட்டு, உண்மையாகவே பாதிக்கும் கீழே போயிருந்தால் மட்டும் Account Status-க்குப் போங்கள். அங்கே எச்சரிக்கை இருந்தால், குறிப்பிட்ட பதிவை நீக்கவோ மறுபரிசீலனை கேட்கவோ அதே பக்கத்தில் வழி இருக்கும்.

எச்சரிக்கை இல்லை என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். பொங்கல் வாரம், சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் நடக்கும் இரவு, மழையில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லாத நாள் எல்லாம் ரீச்சில் தெரியும். அடுத்த இரண்டு வாரம் அதே கிழமைகளில், அதே நேரத்தில் போட்டு, முதல் மூன்று விநாடியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பாட்டு, நீளம், கேப்ஷன், நேரம் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. மூன்றாவது விநாடியில் நிற்பவர்கள் கூடியும் புது ஆட்களின் நடு எண் அசையவில்லை என்றால், வாசல் சரியாகிவிட்டது, இனி மாற்ற வேண்டியது பேசும் விஷயம். வாரம் முழுக்கக் கடையில் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளைக் கல்லாப் பக்கத்து நோட்டில் குறித்து வையுங்கள். அதிகம் பேர் கேட்டது எதுவோ அதை அடுத்த ரீலாக எடுங்கள்.